பக்கத்துத் தெரு சார் கொடுத்த கார்பூல் அட்டவணை: 8.11½க்கு வாசலில் நிற்க வேண்டுமாம்!

சேலையூர் சுதா

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் நகரில் கடைசித் தெருவில் இருக்கும் சார் ஒருவர் நேற்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் நான்கு பேருமே சோழிங்கநல்லூர் எல்காட் வளாகத்துக்குத்தான் தினமும் போகிறோம். நான்கு காரில் தனித்தனியாகப் போவதற்குப் பதில் முறை வைத்து ஒரே காரில் போகலாம் என்கிறார். யோசனை நல்ல யோசனைதான். நேரக்கணக்குதான் எனக்கு இடிக்கிறது. அவர் எழுதியதை அப்படியே தட்டச்சு செய்கிறேன்:

"அன்பு நண்பர்களுக்கு, வாரம் ஐந்து நாளும் ஆளுக்கொரு நாள் காரை எடுப்போம். திங்கள் நான். செவ்வாய் சுதா மேடம். புதன் ராஜகீழ்ப்பாக்கம் தம்பி. வியாழன் சந்தோஷபுரம் மேடம். வெள்ளி மட்டும் வாராவாரம் சுற்றி வரும். என் காரின் சராசரி வேகம் மணிக்கு 24 கி.மீ., அதாவது ஒரு கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிடம். என் வீட்டிலிருந்து தூரத்தை வைத்து நேரம் போட்டிருக்கிறேன். என் வீடு 0 கி.மீ., 8.10. சுதா மேடம் 0.6 கி.மீ., 8.11½. ராஜகீழ்ப்பாக்கம் 2.4 கி.மீ., 8.16. சந்தோஷபுரம் 5.4 கி.மீ., 8.23½. எல்காட் கேட் 12.6 கி.மீ., 8.41½. ஒன்பது மணிக்குள் சீட்டில் இருக்க வேண்டியவர்களுக்கு இதில் 18 நிமிடம் கையிருப்பு உள்ளது. மாலை 6.15க்கு கேட்டில் கூடுவோம். பணம் எதுவும் வாங்கல் கொடுக்கல் வேண்டாம். சம்மதம் என்றால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்."

நான் தனியாகப் போகும்போது 8.05க்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் சாதாரண நாளில் 8.45 வாக்கில் கேட்டில் இருப்பேன். மோசமான நாளில் 8.55 ஆகிவிடும். அவர் என்னை 8.11½க்கு ஏற்றி, இன்னும் இரண்டு பேரை ஏற்றி, 8.41½க்குப் போய்விடலாம் என்கிறார். மனிதர் ரொம்ப மரியாதையானவர், முகத்தில் அடித்தாற்போல் சொல்லவும் முடியாது. கணக்கில் எங்கே இடிக்கிறது என்று தெரிந்தால் பக்குவமாகப் பேசிக்கொள்வேன். அப்புறம் இன்னொன்று: செவ்வாய்க்கிழமை நான் ஓட்டும்போது இதே நேரம்தானா? தாளில் அது இல்லை.

கோவை கார்த்தி

மேடம், இது வெள்ளை போர்டு கார்தானே? தலைக்கு இவ்வளவு என்று வாங்கினால் ஆர்டிஓவில் பிடிப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 66ஆம் பிரிவு. பெர்மிட் இல்லாமல் ஆள் ஏற்றிக் காசு வாங்கக் கூடாது. சரவணம்பட்டியில் என்னுடைய நண்பர் ஒருவருக்கு இந்தச் சிக்கல் வந்தது. கிலோமீட்டருக்கு எவ்வளவு வாங்கலாம் என்று கேட்டால் என் பதில்: வாங்காதீர்கள்.

சேலையூர் சுதா

கார்த்தி, காசு வாங்குவதே இல்லை என்று தாளிலேயே எழுதியிருக்கிறார். நான் கேட்டது நேரத்தைப் பற்றி.

வேளச்சேரிவாசி

இதற்கெல்லாம் பேனா பேப்பர் எதற்கு? மேப்பில் 8.50க்குப் போய்ச் சேர வேண்டும் என்று போட்டால் எப்போது கிளம்ப வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். பழைய போக்குவரத்தை வைத்துத்தான் சொல்கிறது, அதனால் 24 கி.மீ. மாதிரி குருட்டுக் கணக்கு இல்லை. மேடவாக்கத்தில் மேம்பாலம் வந்த பிறகு அந்தப் பக்கம் பெரிய தொல்லையும் கிடையாது. 8.10க்குக் கிளம்பினால் போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டிரிப்ஷீட் மணி

சுதாம்மா, பழைய மகாபலிபுரம் சாலையில் ஆபீஸ் கேப்களுக்கு ரூட் போட்டுப் போட்டுத் தேய்ந்த கை என்னுடையது. சாருடைய தாளில் மூன்று இடத்தில் இடிக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் வேளச்சேரிவாசிக்கு ஒரு வார்த்தை. மேப்பைப் பார்க்கச் சொன்னது சரி. ஆனால் நடுவில் மூன்று நிறுத்தம் சேர்த்தால் "இத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்" என்று குறிக்கும் வசதி போய்விடும். ஒவ்வொரு துண்டாகத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லும் மேம்பாலம் உங்களை மாதிரி வேளச்சேரிக்கு நேராகப் போகிறவர்களுக்கு வரம். சோழிங்கநல்லூருக்குத் திரும்புகிற கார் பாலத்துக்குக் கீழேதான் வர வேண்டும், கூட் ரோடு சிக்னலில் நின்றுதான் ஆக வேண்டும்.

இனி அந்த 24. காரின் திரையில் காட்டும் சராசரி வேகத்தைப் பார்த்து எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த எண், கடைசியாக அதை அழித்ததிலிருந்து ஓடிய எல்லா ஓட்டத்துக்கும் சேர்த்து வருவது. ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு வரை ஜிஎஸ்டி சாலையில் ஒரு நடை போய் வந்தாலே எண் ஏறிவிடும். காலை எட்டு மணிக்கு அது உதவாது. உங்கள் அனுபவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து கேட் 12 கி.மீ., தனியாகப் போக ஏறக்குறைய 38 நிமிடம். அது மணிக்கு 19 கி.மீ. வாக்கில்தான்.

ஆனால் 24ஐ அழித்துவிட்டு 19 என்று போட்டாலும் வேலை முடியாது. இந்த ரோட்டில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மாதிரி. உங்கள் நகருக்குள் இருக்கும் 0.6 கி.மீ.யில் வேகத்தடை, பால் வண்டி, பின்னால் எடுக்கும் பள்ளி வேன் எல்லாம் இருக்கும். அதற்கு 3 நிமிடம். அங்கிருந்து கேம்ப் ரோடு வழியாக ராஜகீழ்ப்பாக்கம் 6 நிமிடம். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சந்தோஷபுரம் 9. அதுவரை தினமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். சந்தோஷபுரத்திலிருந்து கூட் ரோடு வரை 2 கி.மீ. கூட இல்லை, ஆனால் ஆட்டம் முழுக்க அங்கேதான். ஒரு நாள் 5 நிமிடம், ஒரு நாள் 15. எட்டு என்று வைத்துக்கொள்வோம். திரும்பிய பிறகு பெரும்பாக்கம் வழியாக எல்காட் 15. கூட்டினால் 41.

இரண்டாவது இடிப்பு, சார் ஒருவரை ஏற்ற ஒரு நொடிகூட ஆகாது என்று வைத்திருக்கிறார். ஓரம் கட்டி, பையை வைத்து, கதவைச் சாத்தி, மறுபடி வண்டிகளுக்கு நடுவில் நுழைய ஆளுக்கு 2 நிமிடம் போடுங்கள். மூன்று பேருக்கு 6. ஆக 47 நிமிடம். சார் சொன்னபடி 8.10க்குக் கிளம்பினால் நல்ல நாளிலேயே கேட்டில் 8.57. கேட்டிலிருந்து பார்க்கிங், அடையாள அட்டை வரிசை, லிஃப்ட் எல்லாம் தாண்டி சீட்டுக்குப் போக பத்து நிமிடமாவது வேண்டுமே?

அதனால் வீட்டிலிருந்து முன்னோக்கிப் போடாமல், சீட்டிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 9.00க்குச் சீட் என்றால் 8.50க்குக் கேட். கூட் ரோட்டுக்காக 8 நிமிடம் கையிருப்பு, அதோடு கடைசி இரண்டு துண்டும் சேர்த்து 31. அப்போது சந்தோஷபுரத்தை விட்டு 8.19க்குப் புறப்பட வேண்டும், அங்கே கார் வரும் நேரம் 8.17. ராஜகீழ்ப்பாக்கத்துக்கு 8.06க்கு வந்து 8.08க்குப் புறப்பாடு. உங்கள் வாசலுக்கு 7.58, புறப்பாடு 8.00. சார் வீட்டில் 7.55.

கையிருப்பைப் பிரித்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு இரண்டு நிமிடமாகப் போடாதீர்கள். கார் சீக்கிரம் வந்து சும்மா நிற்கும், அந்த நேரம் சிக்னலில் உதவாது. எல்லாத் தாமதமும் கடைசி ஆளை ஏற்றிய பிறகுதான் வருகிறது, கையிருப்பும் அங்கேதான் இருக்க வேண்டும்.

மேடவாக்கம் ஜன்னல் சீட்

மணி சார் சொல்வது நூற்றுக்கு நூறு. அந்தக் கூட் ரோட்டில் நின்று நின்று பக்கத்துக் காரில் இருப்பவர்கள் முகமெல்லாம் பழகிவிட்டது. ஒன்று கேட்கிறேன், ஐப்பசி கார்த்திகை மழையில் பெரும்பாக்கம் பக்கம் தண்ணீர் நின்றால் எட்டு நிமிடக் கையிருப்பு எந்த மூலைக்கு?

டிரிப்ஷீட் மணி

எந்த மூலைக்கும் போதாது. அந்த நாட்களில் அட்டவணையே கிடையாது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வதுதான் ஒரே வழி. முதல் நாள் ராத்திரி, "நாளை மழை நேரம், அரை மணி முன்னால்" என்று ஓட்டுகிறவர் குழுவில் போட்டுவிட வேண்டும். வேண்டாதவர்கள் விலகிக்கொள்ளலாம்.

சேலையூர் சுதா

மணி அண்ணா, மிக்க நன்றி. இப்போது புரிகிறது. சரி, அந்த மூன்றாவது இடிப்பு என்ன? செவ்வாய்க்கிழமை சமாசாரமா?

டிரிப்ஷீட் மணி

அதேதான். உண்மையில் அதுதான் பெரிய இடிப்பு. சார் போட்டிருக்கும் தாள் முழுவதும் திங்கட்கிழமைக்கு மட்டும் சரி. கார் கடைசி வீட்டிலிருந்து கிளம்பி, வழியில் ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு, ஆபீஸை நோக்கிப் போகிறது. தூரம் கூடிக்கொண்டே போகிறது, நேரமும் கூடுகிறது. ஆபீஸ் கேபில் எல்லா நாளும் இப்படித்தான், ஏனென்றால் டிரைவர் எப்போதும் முதல் பிக்அப்புக்குக் காலி வண்டியில் வருவார். அவருடைய வீடு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. முறை வைத்து ஓட்டும்போது டிரைவரே ஒரு பயணி. கார் கிளம்பும் இடம் தினமும் மாறுகிறது.

செவ்வாய் நீங்கள். சார் உங்களுக்கு 0.6 கி.மீ. பின்னால். நீங்கள் போய் அவரை ஏற்றித் திரும்பினால் 1.2 கி.மீ., திருப்புவதையும் சேர்த்து எட்டு நிமிடம் வீண். அவர் நடந்து வந்தால் ஏழெட்டு நிமிடம். அவரை 7.58க்கு உங்கள் வாசலில் இருக்கச் சொல்லுங்கள், மற்றபடி அதே அட்டவணை.

புதன், ராஜகீழ்ப்பாக்கம் தம்பி. அவர் 2.4 கி.மீ. பின்னால் வந்து உங்கள் இருவரையும் ஏற்ற வேண்டும். 7.46க்கு வீட்டிலிருந்து கிளம்பி, 7.55க்கு சார் வீடு, 8.06க்குத் தன் வீட்டு வாசலையே மறுபடி கடப்பார். கூடுதலாக 20 நிமிடம், ஏறக்குறைய 5 கி.மீ. பொறுத்துக்கொள்ளலாம்.

வியாழன்தான் விவகாரம். சந்தோஷபுரம் மேடம் 5.4 கி.மீ. எதிர்த்திசையில் சேலையூர் வரை வந்து, திரும்ப 5.4 கி.மீ. போய், தன் வீட்டைத் தாண்டி ஆபீஸ் போக வேண்டும். 7.37க்குக் கிளம்பினால் 8.17க்குத் தன் வாசலையே கடப்பார். நாற்பது நிமிடம், 10.8 கி.மீ., ஆபீஸுக்கு ஓர் அங்குலம்கூட நெருங்காமல்! மற்ற நான்கு நாட்களில் அந்த அம்மா காரில் உட்காரும் தூரமே 7.2 கி.மீ.தான். அவர் சம்மதம் என்று சொல்லியிருந்தால், தாளைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மதுரை மீனா அக்கா

நான் ஆபீஸ் போகிறவள் இல்லை, ஆனால் கே.கே. நகரில் ஐந்து பிள்ளைகளை ஸ்கூலுக்கு முறை வைத்துக் கூட்டிப்போகிறோம். எங்களுக்கும் இதே கதைதான். கடைசியில் வீட்டு வாசல் என்பதையே எடுத்துவிட்டோம். மெயின் ரோட்டில் ஒரு மருந்துக்கடை வாசல், அங்கேதான் எல்லாப் பிள்ளையும். யார் ஓட்டினாலும் இடம் அதுவே, நேரமும் அதுவே.

இன்னொன்று சுதா. இரண்டு நிமிடம்தான் நிற்கும், அப்புறம் கார் போய்விடும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். பெரிய மனிதர்களிடம் இதைப் பேசுவது பிள்ளைகளிடம் பேசுவதை விடக் கஷ்டம், தெரியும். ஆனாலும் பேசிவிடுங்கள். எங்கள் வழக்கம் என்னவென்றால், முந்தின நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும்போது அடுத்த வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால். ஹாரன் அடிப்பதில்லை, அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருவார்கள்.

டிரிப்ஷீட் மணி

மீனாக்கா சொன்னது அருமை. உங்கள் பக்கம் சென்டர் மீடியன் உள்ள ரோடு என்பதால் அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் சுதாம்மா. நிறுத்தம் எப்போதும் மேடவாக்கம் போகும் பக்கத்தில், கார் போகிற திசையிலேயே இடப்புறம் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் வீடு இருப்பவர் ரோட்டைக் கடந்து வந்து நிற்கட்டும். அவருக்காகக் கார் யூ-டர்ன் போட்டு, திரும்பவும் யூ-டர்ன் போட்டால் அதற்கே ஐந்து ஆறு நிமிடம் போய்விடும், தூரத்தில் அது தெரியவே தெரியாது. சந்தோஷபுரம் மேடம் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள்.

கணக்குப்புலி

முறை வைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான்கு பேர், ஐந்து நாள், வெள்ளி சுற்றி வரும் என்பது எல்லோரும் தினமும் வந்தால் மட்டும் சரி. ஒருவர் லீவு, ஒருவர் வீட்டிலிருந்து வேலை என்றால் குழப்பம் ஆரம்பித்துவிடும். "போன வாரம் நான்தானே எடுத்தேன்" என்று பேச்சு வரும்.

இதற்கு ஐபிஎம்மில் இருந்த பேகின், வில்லியம்ஸ் என்ற இரண்டு பேர் 1983லேயே அழகான ஒரு வழி எழுதியிருக்கிறார்கள். கிழமையைப் பார்க்காமல் ஆளுக்கு ஒரு புள்ளி வைத்துக்கொள்வது. அன்றைய சவாரியை 12 புள்ளி என்று வையுங்கள். வந்தவர்கள் எல்லோரும் அதைச் சமமாகக் கடன்படுகிறார்கள், ஓட்டியவருக்கு 12ம் வரவு. நான்கு பேர் வந்தால் ஆளுக்கு 3 கழியும், ஓட்டியவருக்கு நிகரமாக 9 கூடும். மூன்று பேர் என்றால் ஆளுக்கு 4 கழியும், ஓட்டியவருக்கு 8 கூடும். வராதவர் கணக்கில் ஒன்றும் இல்லை.

உதாரணம்: திங்கள் நான்கு பேரும் வந்து சார் ஓட்டினார். சார் 9, மற்ற மூவரும் கழித்தல் 3. செவ்வாய் சந்தோஷபுரம் மேடம் லீவு, சுதா ஓட்டினார். சுதா 5, சார் 5, ராஜகீழ்ப்பாக்கம் தம்பி கழித்தல் 7, மேடம் அதே கழித்தல் 3. நாளைக்கு யார்? மறுநாள் வருகிறவர்களில் புள்ளி மிகக் குறைவாக இருப்பவர், அதாவது தம்பி. சண்டைக்கே இடமில்லை. ஒரு நோட்டில் எழுதி டாஷ்போர்டில் வைத்துவிடலாம்.

மேடவாக்கம் ஜன்னல் சீட்

கணக்குப்புலி, அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் கணக்கில் எல்லாச் சவாரியும் ஒன்று. சார் 12.6 கி.மீ. போகிறார், சந்தோஷபுரம் அம்மா 7.2 கி.மீ. போகிறார், இருவருக்கும் அதே 3 புள்ளி கழிகிறது. அதுமட்டுமா, அந்த அம்மா ஓட்டும் நாளில் பெட்ரோல் 18 கி.மீ.க்கு. நானும் வழியில் இருக்கிறவன் என்பதால் சொல்கிறேன், இந்த மாதிரி ஏற்பாட்டில் நடுவில் இருப்பவர்தான் எப்போதும் மாட்டுவார். ரோட்டோரம் வீடு, அதனால் "போகிற வழிதானே" என்பார்கள். அவர் முறை வரும்போது மட்டும் போகிற வழி இல்லாமல் போய்விடும்.

கணக்குப்புலி

ஒத்துக்கொள்கிறேன். கிலோமீட்டரை எடையாக வைத்தும் கழிக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் நோட்டில் போடும் கூட்டல் கழித்தல் தினமும் ஒரு வாக்குவாதம் ஆகிவிடும். ஓரளவு அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டு எளிமையாக வைப்பது மேல் என்பது என் கட்சி.

மேடவாக்கம் ஜன்னல் சீட்

பொறுத்துக்கொள்வது எப்போதும் ஒரே ஆள் என்றால் அது எளிமை இல்லை, புலி.

வேளச்சேரிவாசி

வியாழனுக்கு சுலபமான வழி இருக்கிறதே. சேலையூர்க்காரர்கள் இரண்டு பேரும் ராஜகீழ்ப்பாக்கம் தம்பியும் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ சந்தோஷபுரம் போய்ச் சேரட்டும். அங்கிருந்து மேடம் காரில் 8.19க்குப் புறப்பாடு. அந்த ரோட்டில் தாம்பரத்திலிருந்து வரும் பஸ்ஸுக்குப் பஞ்சமா?

சேலையூர் சுதா

பஸ்ஸில் ஏறிவிட்டால் 99லேயே உட்கார்ந்து சோழிங்கநல்லூர் வரை போய்விடலாமே, எதற்குச் சந்தோஷபுரத்தில் இறங்கிக் காரில் ஏற வேண்டும் என்று சார் கேட்பார். எனக்கே அந்தக் கேள்வி வருகிறது.

டிரிப்ஷீட் மணி

கேட்பார், கேட்க வேண்டியதுதான். காலையில் சேலையூரில் 99ல் உட்கார இடம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

என் யோசனை இது. நான்கு கார் வேண்டாம், மூன்று போதும். சந்தோஷபுரம் மேடம் காலை ஓட்டத்தில் முறையே எடுக்க வேண்டாம். சாரும் நீங்களும் தம்பியும் சுழற்சியில் ஓட்டுங்கள். மேடம் தன் பங்கை வேறு விதமாகச் செய்யட்டும். ஆனால் காசாக வாங்காதீர்கள். கார்த்தி ஆரம்பத்தில் சொன்னது கேள்விக்குப் பொருந்தாமல் போனாலும் விஷயம் உண்மைதான். தனியார் காருக்கான இன்சூரன்ஸ் பாலிசியில் வாடகைக்கோ கூலிக்கோ ஆள் ஏற்றினால் செல்லாது என்று எழுதியிருக்கும். மாதாமாதம் ஒருவர் மட்டும் ஒரு தொகை கொடுத்து, நாளைக்கே ஒரு விபத்து என்றால், அது பெட்ரோல் பங்கா, கூலியா என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். முறைக்கு முறை ஓட்டுவதில் அந்தத் தலைவலி இல்லை.

கோவை கார்த்தி

அப்பாடா, யாராவது ஒருவர் சொன்னீர்களே.

மதுரை மீனா அக்கா

அப்படியானால் அந்தப் பெண் எப்படித்தான் ஈடுகட்டுவது? சும்மா ஏறிக்கொண்டு போனால் அவளுக்கே கூச்சமாக இருக்கும். எங்களில் ஒருத்திக்குக் கார் இல்லை, அவள் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கு எல்லாப் பிள்ளைகளையும் ஆட்டோவில் கூட்டிப்போய் வருகிறாள். அது மாதிரி ஏதாவது பாருங்கள்.

கணக்குப்புலி

மாலை இருக்கிறதே! திரும்பி வரும்போது நிலைமை தலைகீழ். எல்லோரும் ஒரே கேட்டில் ஏறுகிறார்கள், பிக்அப் நேரமே கிடையாது. காலையில் ஒருவர் கார், மாலையில் மேடம் கார் என்று...

டிரிப்ஷீட் மணி

புலி, மாலையில் ஓட்ட மேடம் கார் காலையிலேயே ஆபீஸுக்குப் போயிருக்க வேண்டும். அதை யார் ஓட்டிப் போவது? அப்புறம் அன்று இரண்டு கார் ஆகிவிடும், இன்னொருவர் கார் எல்காட்டில் ராத்திரி தங்க வேண்டும். மாலையிலும் சந்தோஷபுரம்தான் முதலில் வரும், தன் வீட்டைத் தாண்டி சேலையூர் வரை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அதே 10.8 கி.மீ. மாலையிலும் அவர் தலையில்தான். தூரம் காலைக்கும் மாலைக்கும் மாறாது.

சேலையூர் சுதா

நேற்று மாலை சாரிடம் பேசினேன். மணி அண்ணா போட்ட நேரத்தைக் கையால் எழுதிக்கொண்டு போனேன். 24 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், அண்ணா சொன்னதேதான், காரின் திரை. போன மாதம் திண்டிவனம் போய் வந்ததும் அதில் இருக்கிறது. சிரித்துவிட்டார். 7.55 என்றதும் மட்டும் முகம் கொஞ்சம் வாடியது, ஏனென்றால் அவர் காலையில் நடந்துவிட்டு வந்து குளிப்பதே ஏழரைக்குத்தானாம். ஆனாலும் 8.50க்கு கேட் என்று பின்னால் இருந்து போட்டதை ஒத்துக்கொண்டார். பேனாவை எடுத்துத் தாளின் மேலேயே 8.11½ஐ அடித்துவிட்டு 7.58 என்று எழுதினார். அரை நிமிடக் கணக்கை விட்டதில் அவருக்குத்தான் வருத்தம்.

செவ்வாயன்று நடந்து வருவதற்குச் சம்மதம், "அந்த நடையையே வாக்கிங்கில் சேர்த்துக்கொள்கிறேன்" என்றார். எங்கள் நகரின் முகப்பில் ஆர்ச் பக்கம் இருவருக்கும் ஒரே நிறுத்தம் வைக்கலாமா என்றும் கேட்டேன், மீனாக்கா மருந்துக்கடை மாதிரி. யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

சந்தோஷபுரம் மேடம் வீடு எதிர்ப்பக்கம்தான் மணி அண்ணா. அவரிடம் போனில் கேட்டேன். ரோட்டைக் கடந்து நிற்பதில் ஒன்றும் இல்லை, ஆனால் அங்கே கடக்க இடமே சரியில்லை, காலையில் யாரும் வண்டியை நிறுத்தமாட்டார்கள் என்றார். வியாழன் கணக்கை, அந்த நாற்பது நிமிடத்தை, நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சாரும் சொல்லவில்லை. அவர் தானாகவே "என் முறை வியாழன், அப்படித்தானே?" என்று கேட்டார். சனிக்கிழமை நால்வரும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.

மேடவாக்கம் ஜன்னல் சீட்

சனிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள் சுதா. நால்வர் நடுவில் வைத்துச் சொன்னால் அவரால் முடியாது என்று சொல்ல முடியாது. இன்றே போனில் தனியாகச் சொல்லிவிடுங்கள்: 7.37 புறப்பாடு, 8.17க்கு அவர் வாசல். எண்ணைச் சொன்னால் போதும், மற்றதை அவரே முடிவு செய்வார்.

டிரிப்ஷீட் மணி

ஆமாம். அதோடு கடப்பதற்கு இடம் சரியில்லை என்றால் நிறுத்தத்தைக் கொஞ்சம் தள்ளி, சிக்னலோ போலீஸோ இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். அவர் இருநூறு முந்நூறு மீட்டர் நடப்பது, அந்த ரோட்டில் ஓடிக் கடப்பதை விட மேல். மாற்றினால் 8.17ம் ஒரு நிமிடம் முன்பின் ஆகும். முதல் இரண்டு வாரம் ஓட்டுகிறவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் குறித்துக்கொள்ளட்டும். நான் போட்ட 3, 6, 9, 8, 15 எல்லாம் என் பழைய கைக்கணக்கு. உங்கள் நால்வரின் கணக்கு அந்த நோட்டில்தான் வரும். வந்ததும் இங்கே போடுங்கள், திருத்திக் கொடுக்கிறேன்.

வேளச்சேரிவாசி

வெள்ளிக்கிழமைக்கு மட்டும் தனிக் கணக்கு வையுங்கள். எல்காட்டில் பாதிப் பேர் அன்று வீட்டிலிருந்து வேலை, ரோடு காலியாக இருக்கும்.

சேலையூர் சுதா

வெள்ளிக்கிழமை நாங்கள் நால்வருமே வீட்டில்தான் இருப்போம் என்று தோன்றுகிறது. சாரிடம் அதையும் கேட்க வேண்டும்.